கல்யாண குரூப் போட்டோல அப்பாவ சேர்க்கறப்போ சட்டை யாரோடது, காலர் யாரோடது

"அண்ணா, அப்பா தவறி ஒரு வருஷம் ஆகுது. போன மாசம் தங்கச்சி கல்யாண மேடையில எடுத்த குடும்ப போட்டோல அவர பின்வரிசையில சேர்க்கணும்னு அம்மா கேக்கறாங்க. அவர் வீட்ல சேர்ல உக்காந்திருக்கற மாதிரி ஒரு போட்டோ இருக்கு, இளநீல அரைக்கை சட்டை. அந்த சட்டையோடயே வெட்டி வைக்கறதா, இல்ல சித்தப்பா போட்டிருந்த க்ரீம் சட்டை உடம்புல அப்பா தலைய மட்டும் வைக்கறதா? ரெண்டாவது முறைய ட்ரை பண்ணேன், காலர்கிட்ட ஒட்டு வச்சது அப்படியே தெரியுது."

அப்பாவோட சட்டையவே வைங்க, கலர மட்டும் மாத்துங்க. பின்வரிசைன்னு சொன்னதாலதான் இவ்ளோ தைரியமா சொல்றேன். முன்வரிசையில முழு உருவமா நிக்கணும்னா வேட்டி, கை, செருப்புன்னு எல்லாமே வேணும், அப்போ கதை வேற. பின்வரிசையில முன்னாடி நிக்கறவங்க தலைக்கும் தோளுக்கும் மேல மிஞ்சறது முகம், கழுத்து, காலர், ரெண்டு தோள், நெஞ்சுல பாக்கெட் வரைக்கும், அவ்ளோதான். அது அத்தனையும் உங்க போட்டோலயே இருக்கறப்போ எதுக்கு இன்னொருத்தர் உடம்ப தேடணும்?

இதுல ஒரு விஷயம் முதல்ல பிடிபடணும். ஒருத்தரோட தலையையும் கழுத்தையும் பிரிச்சா தெரியும், கழுத்தையும் காலரையும் பிரிச்சா அதவிட அதிகமா தெரியும், ஆனா காலர் மடிப்போட கீழ் ஓரத்துக்கும் சட்டைக்கும் நடுவுல பிரிச்சா யாருக்கும் தெரியாது. ஏன்னா கழுத்து எவ்ளோ தடிமனோ, தலை எந்தப் பக்கம் எவ்ளோ திரும்பியிருக்கோ, அதுக்கேத்த மாதிரி காலர் ஒரு பக்கம் கழுத்த ஒட்டி இன்னொரு பக்கம் கொஞ்சம் விலகி நிக்கும், அந்த இடைவெளியில ஒரு நிழல் விழும், அந்த நிழல் அந்த கழுத்துக்கும் அந்த காலருக்கும் மட்டுமே பொருந்தற நிழல். நீங்க சித்தப்பா உடம்புல செஞ்சப்போ வெட்டினது சரியா அந்த இடத்துலதான் இருக்கும். எல்லாரும் அங்கதான் வெட்டுவாங்க, ஏன்னா தோல் முடிஞ்சு துணி ஆரம்பிக்கற கோடு, செலக்ட் பண்ண ரொம்ப சுலபம். ஆனா காலர் மடிப்பு சட்டை மேல படுத்திருக்கற அந்த கீழ் ஓரம் இருக்கே, அது ரெண்டு துணி சந்திக்கற இடம், அங்க எப்பவும் ஒரு கோடும் மெல்லிசா நிழலும் இருக்கும், ஒட்டு அதுல ஒளிஞ்சுக்கும். அதனால சட்டைய மாத்தியே ஆகணும்னு வந்தாலும் தலை, கழுத்து, காலர் மூணும் சேந்து ஒரே துண்டா வரட்டும், காலருக்கு கீழதான் இன்னொருத்தர் சட்டை ஆரம்பிக்கணும்.

சரி, இப்போ உங்க போட்டோவுக்கு வரேன். சட்டை கலர் உங்களுக்கு பிரச்சனை இல்ல, கேமரா எந்த உயரத்துல இருந்துச்சுங்கறதுதான் பிரச்சனை. கல்யாண மேடை தரையிலிருந்து ரெண்டு மூணு அடி உசரம், போட்டோகிராஃபர் பெரும்பாலும் கீழ ஹால்ல நின்னு எடுப்பாரு, அதனால மேடையில நிக்கறவங்க இடுப்பு இல்ல நெஞ்சு உயரத்துல கேமரா இருக்கும். உங்க அப்பா சேர்ல உக்காந்திருக்காரு, எடுத்தவங்க நின்னுகிட்டு போன நீட்டியிருப்பாங்க, அப்போ கேமரா அவர் தலைக்கு மேல. ஒண்ணு கீழேருந்து பாக்குது, இன்னொண்ணு மேலேருந்து பாக்குது, இந்த வித்தியாசம் முதல்ல காட்டிக்கொடுக்கற இடம் காலர்.

ஒரு வளையல படுக்கை வாக்குல கையில பிடிச்சு கண்ணுக்கு கீழ வச்சு பாருங்க, முன்பக்க வளைவு கீழ தொங்கும், பின்பக்கத்தோட உள்பாகம் தெரியும். அதையே கண்ணுக்கு மேல தூக்குனா முன்பக்கம் மேல ஏறி பின்பக்கம் கீழ இறங்கின மாதிரி தெரியும். காலரும் அதே கணக்குதான். சட்டை காலர் பின்கழுத்துல உசரமாவும் தொண்டைகிட்ட தாழ்வாவும் தைக்கறதால நேர்மட்டத்துல எடுத்தாலே கொஞ்சம் தொங்கல் இருக்கும், மேலேருந்து எடுத்தா அந்த தொங்கல் ஜாஸ்தியாகி உள்துணி கழுத்துக்கு ரெண்டு பக்கமும் நல்லா தெரியும், கீழேருந்து எடுத்தா தொங்கல் தட்டையாகி உள்துணி கிட்டத்தட்ட காணாமப் போகும். உங்க குரூப் போட்டோல மாமா, பெரியப்பா, யாரெல்லாம் சட்டை போட்டு நிக்கறாங்களோ அவங்க காலர பெருசு பண்ணி பாருங்க, எல்லாமே ஏறக்குறைய தட்டையா இருக்கும். அதுக்கு நடுவுல உங்க அப்பா காலர் மட்டும் கிண்ணம் மாதிரி திறந்திருந்தா, பாக்கறவங்களுக்கு காரணம் சொல்லத் தெரியாது, ஆனா ஏதோ உதைக்குதுன்னு மட்டும் தோணும்.

முகத்துலயும் இத செக் பண்ண ஒரு வழி இருக்கு. நேர்மட்டத்துல எடுத்தா காது உச்சி ஏறக்குறைய புருவத்துக்கு நேரா வரும், காது அடி மூக்கு அடிக்கு நேரா வரும். மேலேருந்து எடுத்தா காது மேல ஏறின மாதிரி தெரியும், மோவாய் கழுத்த மறைக்கும். கீழேருந்து எடுத்தா காது இறங்கும், மூக்குத் துவாரம் தெரியும், தாடைக்கு அடிப்பக்கம் தெரியும். உங்க அப்பா போட்டோல காது உச்சி புருவத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான்னா தாராளமா வேலை செய்யலாம். நெத்தி நடுவுக்கு ஏறிடுச்சுன்னா அந்த போட்டோவ விட்டுடுங்க, எந்த டூல் போட்டாலும் முகம் வேற ஆளாயிடும்.

விடறதுக்கு முன்னாடி இன்னொண்ணு, உறவுக்காரங்க வீட்டு கல்யாண ஆல்பத்தையெல்லாம் ஒரு தடவ புரட்டிடுங்க. அப்பா எங்கயாவது ஒரு மேடையில யாருக்கோ மொய் வச்சுட்டு நின்னு போஸ் குடுத்திருப்பாரு. கீழேருந்து எடுத்தது, முன்பக்க ஃபிளாஷ், வெள்ளை சட்டை, தோள்ல துண்டு, உங்களுக்கு வேணுங்கற எல்லாம் ஒரே படத்துல இருக்கும். பிரிண்ட்தான் இருக்குன்னா 600 டிபிஐல ஸ்கேன் பண்ணுங்க, பிரிண்ட்ல தலை 1 செ.மீ உசரம் இருந்தா ஸ்கேன்ல சுமார் 236 பிக்சல் வரும். பழைய பிரிண்ட்ல அதுக்கு மேல டிபிஐ ஏத்தினா பேப்பரோட சொரசொரப்புதான் பெருசாகும், முகத்துல புதுசா ஒண்ணும் வராது.

நீலச்சட்டை போட்டோதான் இருக்கறதுலயே நல்லதுன்னு வச்சுக்குவோம், அதுல எப்படி வேலை செய்யறதுன்னு பாக்கலாம்.

முதல்ல சைஸ். தலை உசரத்த வச்சு அளக்காதீங்க, முடி, வழுக்கை, நெத்தி எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ரெண்டு கருவிழி நடுவுக்கு இடையில இருக்கற தூரம் பெரியவங்களுக்கு சுமார் 6.3 செ.மீ, ஆளுக்கு ஆள் பெருசா மாறாது. அப்பாவ நிக்க வைக்கப்போற அதே வரிசையில நேரா கேமராவ பாக்கற ஒருத்தர் கண் தூரத்த போட்டோஷாப் ரூலர் டூல்ல அளங்க. அது 74 பிக்சல், அப்பாவோடது 51 பிக்சல்னா 74-ஐ 51-ஆல வகுத்தா 1.45, அதாவது 145 சதவீதம் பெருசு பண்ணணும். பின்வரிசைல இது ஓடும், ஆனா இதுக்கு மேல போச்சுன்னா துணியோட நெசவும் காலர் தையலும் மொழுக்குன்னு ஆயிடும். வாட்ஸ்அப்ல வந்த காப்பில வேலை செய்யாதீங்க, எடுத்த போன்லயே ஒரிஜினல் இருக்கான்னு கேளுங்க, பாதி பிரச்சனை அங்கயே தீரும்.

போன்ல மூணு அடி தூரத்துல எடுத்ததுக்கும் மேடைய பதினஞ்சு அடி தள்ளி நின்னு எடுத்ததுக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கு. கிட்டத்துல எடுத்தா முகம் முன்னாடி வந்து தோள் சின்னதா தெரியும். அதனால கண் தூரத்துக்கு சைஸ் பண்ணதுக்கு அப்புறம் தோள் பக்கத்துல இருக்கறவங்கள விட ஒடுக்கமா இருந்தா, தோள மட்டும் தனியா கொஞ்சம் அகலப்படுத்தலாம், காலர தொடாம. பத்து சதவீதத்துக்குள்ள நிறுத்திக்கோங்க. அப்புறம் சேர் கைப்பிடில கை வச்சு உக்காந்திருந்தா தோள் ரெண்டும் மேல தூக்கிகிட்டு இருக்கும், நிக்கறவங்களுக்கு அப்படி இருக்காது. பப்பெட் வார்ப்ல காலர்ல ரெண்டு பின், தோள் நுனில ஒவ்வொரு பின் போட்டு நுனிய மட்டும் இறக்குங்க. கழுத்துலருந்து தோளுக்கு இறங்கற அந்த சரிவ மட்டும் கவனிச்சு செய்யுங்க, வீட்ல இருக்கறவங்க தூரத்துலருந்து ஆள அடையாளம் கண்டுபிடிக்கறதே பாதி அந்த சரிவ வச்சுதான். முடிஞ்சா அப்பா நின்னுகிட்டிருக்கற வேற ஏதாவது போட்டோவ, மங்கலா இருந்தாலும் பரவால்ல, பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டு பண்ணுங்க.

காலர் தொங்கல் இப்போ. வார்ப்ல காலர் முன் முனை ரெண்டையும் பட்டனையும் சேத்து கொஞ்சம் மேல தள்ளுங்க, கழுத்துக்கு ரெண்டு பக்கமும் தெரியற உள்துணிய மாஸ்க்ல மெல்ல குறைங்க, அதாவது காலரோட பின் ஓரத்த கொஞ்சம் கீழ இறக்குங்க. ரெண்டும் சேந்தா தொங்கல் தட்டையாகும். முழுசா தட்டையாக்கப் பாக்காதீங்க, முகம் இன்னும் மேலேருந்து பாத்ததுதான், முகத்துக்கும் பக்கத்து ஆளுங்க காலருக்கும் நடுவுல ஒரு இடத்துல நிறுத்தினா கண்ணு ஏத்துக்கும்.

கலர் மாத்தறது நீங்க நினைக்கறத விட சுலபம், ஏன்னா இளநீலம் பிளெய்ன் துணி. வெளிர் கலர்லருந்து இன்னொரு வெளிர் கலருக்கு போறதும், வெளிர்லருந்து அடர்த்திக்கு போறதும் ஓகே. அடர் நீலத்தையோ கருப்பையோ வெள்ளையாக்க முடியாது, அந்த மடிப்புக்குள்ள வெளிச்ச விவரமே இருக்காது, தூக்கினா புள்ளி புள்ளியா நாய்ஸ்தான் வரும். கட்டம் போட்ட சட்டையும் வேணாம், அதுல காலருக்கு கீழ வெட்டி வேற சட்டை வைக்கற வழிக்கே போயிடுங்க. உங்களுக்கு, சட்டைக்கு மட்டும் மாஸ்க் போட்டு Hue/Saturation-ல Blues, Cyans ரெண்டோட சாச்சுரேஷன கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்குங்க, சட்டை சாம்பல் ஆகும். அப்புறம் குரூப் போட்டோல க்ரீம் சட்டை போட்ட ஒருத்தரோட வெளிச்சமான இடத்தையும் மடிப்பு நிழலையும் ஐடிராப்பர்ல வச்சு நம்பர் பாருங்க, உதாரணத்துக்கு வெளிச்சம் 238, 230, 214, நிழல் 150, 135, 112ன்னு வரலாம். கர்வ்ஸ்ல சிவப்பு, பச்சை, நீலம் மூணு சேனலையும் தனித்தனியா அந்த ரெண்டு நம்பருக்கு கொண்டுவாங்க. சும்மா மஞ்சள் பூசினா வெளிச்சம் மஞ்சளாகும், நிழல் சாம்பலாவே நிக்கும், ரெண்டு புள்ளியும் பிடிச்சாதான் அந்த ஹால் லைட்டுல நிக்கற துணி மாதிரி இருக்கும். இதனால காட்டன் பட்டாகிடாது, பட்டு மினுமினுப்பு வேற ஜாதி, மடிப்போட முகட்டுல மெல்லிசா பளிச்சுன்னு கோடு வரும். பட்டுச்சட்டையே வேணும்னு வீட்ல சொன்னா கலர் மாத்தி பலனில்ல. ஆனா அப்பா அப்படி ஒண்ண போட்டுப் பாத்ததே இல்லன்னா அவர் பட்டுல நிக்கறது அம்மாவுக்கே அன்னியமா இருக்கும், அத முதல்லயே கேட்டுக்கோங்க.

ரொம்ப பேர் விட்டுடற ஒண்ணு, சட்டை கலர் கழுத்து மேலயும் அடிக்கும். நீலச்சட்டை மேல விழுந்த வெளிச்சம் திரும்பி மோவாய்க்கு அடியிலயும் கழுத்தோட ரெண்டு பக்கத்துலயும் படும், அங்க தோல் லேசா நீலம் பாஞ்ச மாதிரி இருக்கும். சட்டைய க்ரீம் ஆக்கிட்டு கழுத்த அப்படியே விட்டா கழுத்து செத்த கலர்ல நிக்கும். இறந்துபோனவர் போட்டோல அது எவ்ளோ கொடுமையா தெரியும்னு சொல்ல வேணாம். கழுத்துக்கு தனியா ஒரு கர்வ்ஸ் லேயர், நீலத்த இறக்கி சிவப்ப ஒரு இழை ஏத்தி, மெத்துன்னு பிரஷ்ல தாடைக்கு அடியில மட்டும் தடவி விடுங்க. அதுக்காக கழுத்த முகத்தோட கலருக்கு கொண்டு வந்துடாதீங்க, நம்ம ஊர்ல வெயில்ல வேலை பாத்த ஆளுக்கு கழுத்து முகத்த விட கருப்பாத்தான் இருக்கும், காலருக்குள்ள திடீர்னு வெளுப்பாகும். அது அப்பாவோடது, இருக்கட்டும்.

இவ்ளோ ஆனதும் சித்தப்பா தோள்ல போட்டிருக்கற துண்டையோ அங்கவஸ்திரத்தையோ மட்டும் எடுத்து அப்பா தோள்ல வைக்கலாம், பெண்ணோட அப்பாவுக்கு அது இருக்கறதுதான் முறை, கூடவே ஒரு பக்க தோளையும் காலர் ஓரத்தையும் அது மூடிக்கும். சைஸ் தப்பா இருக்கறத மூட இத நம்பாதீங்க, அது மூடாது.

இப்போ சித்தப்பா சட்டை தவிர வேற வழியே இல்லங்கற நிலைமை. அப்பா பனியன்ல இருக்காரு, இல்ல இருக்கறது காலரோட அறுந்து போன பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இல்ல ஜிப்பா கழுத்துல இருக்காரு, இப்படி ஏதாவது. முதல் எச்சரிக்கை, சித்தப்பா அதே குரூப் போட்டோல நிக்கறாருன்னா அந்த ஃபிரேம்லருந்து அவர் உடம்ப எடுக்காதீங்க, ஒரே மடிப்பு ரெண்டு இடத்துல இருக்கும், கண்டிப்பா யாரோ ஒரு வாண்டு கண்டுபிடிக்கும். போட்டோகிராஃபர்கிட்ட கேட்டா அதே மேடையில சித்தப்பா நின்ன வேற ஃபிரேம் பத்தாவது இருக்கும், அதுல தலை திரும்பின பக்கமும் உடம்பு திரும்பின பக்கமும் அப்பா போட்டோவோட ஒத்துப்போறத எடுங்க.

ஒத்துப்போகலன்னா உடனே கை ஃபிளிப்புக்கு போகும். ஆம்பள சட்டைல இடது பக்க பட்டி மேல வரும், காஜா இடது பக்கம், பட்டன் வலது பக்கம், பாக்கெட் நெஞ்சுல இடது. ஃபிளிப் பண்ணா எல்லாம் தலைகீழ், பக்கத்துல சரியா சட்டை போட்டவங்க வரிசையா நிக்கறப்போ ரொம்ப துருத்தும். லைட்டும் எதிர் பக்கம் போயிடும். முகத்த ஃபிளிப் பண்றது அதவிட மோசம், வகிடு, மச்சம், சிரிச்சா தூக்கற உதடு எல்லாம் மாறி அம்மாவுக்கு உடனே தெரிஞ்சிடும்.

உடம்பு கிடைச்சதும் தொண்டைக்குழிய நங்கூரமா எடுத்துக்கோங்க. ரெண்டு காறை எலும்பும் சந்திக்கற குழி இருக்கே, தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அது நகராது, மோவாய் மட்டும்தான் நகரும். சித்தப்பா உடம்புல தொண்டைக்குழி எங்கன்னு பாருங்க, பட்டன் மூடியிருந்தா மேல் பட்டனுக்கு பின்னாடி இருக்கும். அப்பா தொண்டைக்குழிய அதுமேல வைங்க, அதுக்கப்புறம்தான் தலை சரிவு. மோவாய நடுவுல வச்சு ஆரம்பிச்சா, லேசா திரும்பின தலை கழுத்தே இல்லாம தோள் மேல உருண்ட மாதிரி ஆகும். காதுக்குப் பின்னாடிலருந்து தொண்டைக்குழிக்கு இறங்கற நரம்பு மாதிரியான தசை ஒண்ணு, தலை திரும்பினா எதிர்பக்கத்துல புடைக்கும், அது அப்பா கழுத்தோடயே வந்துடட்டும், சித்தப்பா கழுத்துல ஒரு துளியும் மிச்சம் வைக்காதீங்க.

அதுக்கு லேயர் அடுக்கு இப்படி இருக்கணும்: கீழ சித்தப்பா சட்டையும் காலரோட பின் உள்துணியும், நடுவுல அப்பா தலையும் கழுத்தும், மேல காலரோட முன் மடிப்பு மட்டும் தனியா. கழுத்து காலருக்குள்ள போய் நிக்குது, காலர் மேல ஒட்டியிருக்கல. உங்க ஒட்டு தெரிஞ்சதுக்கு இதுதான் காரணம்னு நான் பந்தயமே கட்டுவேன், நீங்க ரெண்டே லேயர்ல கழுத்தோட கீழ் ஓரத்த காலர் கோட்டுக்கு சரியா வெட்டி வச்சிருப்பீங்க. கழுத்த வெட்டாதீங்க, கிடைக்கற வரைக்கும் கீழ நீட்டி விடுங்க, முன் மடிப்பு அத மூடட்டும். சித்தப்பா கழுத்து இருந்த இடத்துல உள்துணி இருக்காது, அத காலர் பட்டிலருந்து ஒரு துண்டு காப்பி எடுத்து இருட்டாக்கி நிரப்பணும், பட்டி தையல் கோடு ஒண்ணு உள்ள தெரிஞ்சா போதும்.

காலர் பெருசு கழுத்து சின்னதுன்னா கழுத்த அகலமாக்காதீங்க, கழுத்து அகலமானா முகமே மாறிடும். காலர் மேல் லேயர் ரெண்டு பக்கத்தையும் வார்ப்ல உள்ள இழுங்க. வயசானவருக்கு கொஞ்சம் லூசா இருந்தா இயல்புதான், அந்த இடைவெளிக்குள்ள நல்லா இருட்டு இருக்கணும், அவ்ளோதான். மேல் பட்டன் திறந்திருந்தா அந்த முக்கோணத்துல தெரியற தோல் யாரோடதுங்கறது அடுத்த கேள்வி. அப்பா போட்டோலயும் பட்டன் திறந்திருந்தா அவரோடதே வரட்டும், சித்தப்பா செயின், நெஞ்சு முடி, பனியன் ஓரம் எல்லாம் போயிடணும். அப்பாவோடது பாஸ்போர்ட் போட்டோ, கீழ தோலே இல்லன்னா, பட்டன் மூடின ஃபிரேம் ஒண்ண தேடறதுதான் புத்திசாலித்தனம். வேற வழியே இல்லாம சித்தப்பா தோல வச்சா, ரெண்டு தோலும் சேர்ற இடத்த தொண்டைக்குழில வைக்காம மோவாய் நிழலுக்குள்ள கொண்டு போங்க.

நிழல் ரெண்டு. மோவாய் கழுத்து மேல போடறது பெருசு, ஓரம் மெத்துன்னு இருக்கும், மேடையில ஃபிளாஷ் கேமரா பக்கத்துலருந்து அடிக்கறதால பக்கத்து ஆளுங்களுக்கு அது எவ்ளோ நீளம்னு பாத்து அதே நீளம். காலர் கழுத்த தொடற இடத்துல வர்றது மயிரிழை அகலம், ஓரம் கூர்மை, அது இல்லன்னா கழுத்து மிதக்கும். ரெண்டையும் Multiply லேயர்ல போடுங்க, கருப்பு வேணாம், பக்கத்துல இருக்கறவர் கழுத்து மடிப்பு நிழல்லருந்து எடுத்த செம்பழுப்பு. மாஸ்க் ஓரமும் அப்படித்தான், துணி ஓரத்துக்கு ஒரு பிக்சலுக்கு மேல ஃபெதர் வேணாம், தோல் ஓரத்துக்கு மெத்துன்னு. பக்கத்து ஆள் காலர் ஓரம் எவ்ளோ கூர்மையோ அதுக்கு மேல கூர்மையா இருந்தா கத்தரிச்ச மாதிரி தெரியும்.

நாளைக்கு இதே வேலைய பாட்டிக்கோ அத்தைக்கோ செய்ய வந்தா, சட்டைக்கு சொன்னத அப்படியே எடுக்காதீங்க. பிளவுஸ் கழுத்து இறக்கம், அங்க தோலுக்கும் துணிக்கும் நடுவுல ஒளிஞ்சுக்க காலர் மடிப்பே கிடையாது, மேல செயின், தாலிக்கொடி, சில சமயம் தோள்ல தொங்கற பூ. பெண்களுக்கு நான் எப்பவும் அவங்க புடவையோடவே வைக்கத்தான் சொல்வேன், கலர் மாத்தி பார்டர் மட்டும் தூக்கலாம். முந்தானை இடது தோள்ல வரும், அதனால ஃபிளிப்புக்கு இங்கயும் வழியில்ல. இன்னொருத்தர் உடம்ப எடுத்தா அவங்க தாலியும் கூடவே வந்துடும், அத கவனிக்காம விட்டா வீட்ல நடக்கப்போற சண்டைக்கு போட்டோஷாப்ல டூல் இல்ல.

முடிச்சதும் மேல ஒரு பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் போட்டுப் பாருங்க, கலர் போனதும் கழுத்தும் காலரும் வெளிச்சத்துல ஒத்துப்போகுதா இல்லையான்னு அப்பட்டமா தெரியும். அப்புறம் அப்பா முகத்த ஒரு கருப்பு கட்டம் போட்டு மறைச்சுட்டு அந்த வரிசைய மட்டும் பாருங்க. முகம் தெரியறப்போ நம்ம கண்ணு முகத்தையேதான் பாக்கும், அதுவும் உங்களுக்கு அவர் அப்பா. முகம் இல்லாம வெறும் காலர் வரிசையா பாக்கறப்போ எந்த காலர் நீங்க வச்சதுன்னு பட்டுன்னு சொல்ல முடிஞ்சா இன்னும் வேலை பாக்கி. நாய்ஸ் குறைவா இருக்கான்னு அப்பவே பாத்து, ஹால் போட்டோல இருக்கற அளவுக்கு கொஞ்சம் ஏத்துங்க, பெரும்பாலும் கடைசியா துருத்தறது அதுதான். ஃபைனல் சைஸ்ல, 12x18 போடப்போறீங்கன்னா அந்த அளவுலயே, அந்த பகுதிய மட்டும் ஒரு சின்ன பேப்பர்ல டெஸ்ட் பிரிண்ட் எடுத்துட்டு அப்புறம் அம்மாகிட்ட காட்டுங்க, ஸ்கிரீன்ல தெரியாத காலர் நிழல் பிரிண்ட்ல இன்னும் இருட்டா விழும்.